பெரிய ஏட்டுக்குப் பலகை

விண்ணப்பத்தின் நான்காம் பக்கத்தில் அந்தக் கேள்வி இருந்தது. இந்தச் சுவடித் தொகுப்பை இப்போது யார், எப்படிப் பயன்படுத்துகிறார்கள்? பதில் சுருக்கமாக இருக்க வேண்டும் என்று அடியில் ஒரு குறிப்பு. நான் சுருக்கமாகவே எழுதினேன். "யாரும் பயன்படுத்துவதில்லை. கேட்பாரற்றுக் கிடக்கிறது." நிதி கேட்கிறவர்கள் இப்படித்தான் எழுத வேண்டும் என்று எனக்கு ஒரு எண்ணம். வீடு பற்றி எரிகிறது என்று கத்தினால்தானே தண்ணீர் வண்டி வரும். அந்த இரண்டு வரியைத் திரும்பத் திரும்பப் படித்து என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

நான் இராசிபுரம் பக்கம் ஒரு கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். ஓலைச்சுவடி படிக்கப் பயிற்சி எடுத்தவள் என்பதால், எங்கே ஓலை இருந்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள். பாட்டி காலத்து ஜாதகத்தைக் கொண்டுவந்து நீட்டி, புதையல் இருக்கிறதா என்று கேட்டவர்களும் உண்டு. நாமக்கல் போகிற வழியில், சாலையிலிருந்து மரவள்ளிக் காட்டுக்குள் கொஞ்ச தூரம் உள்ளே போனால் வருகிற சிவன் கோயிலுக்கும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தேன். கோயில் ஊர்க்காரர்களின் கமிட்டி நிர்வாகத்தில் இருந்தது. கொடிமரத்துக்கு வெளியே இருந்த மண்டபத்தை ஒட்டி ஓர் அறை. அதற்குள் மூன்று மர அலமாரிகள், நிறையக் கட்டுகள். தலபுராணம், சோதிடம், சித்த மருத்துவம், யாரோ எழுதிப் பழகிய கணக்கு. பாதிக்கு மேல் நல்ல நிலையில் இருந்தன. மீதிக்கு அவசரம்.

கமிட்டித் தலைவர் லாரி வைத்திருப்பவர். எதையும் இழுத்தடிக்க மாட்டார். முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். "மேடம், மெட்ராஸ்ல ஒரு லைப்ரரிக்காரங்க எல்லாத்தையும் குடுங்க, நாங்களே பாத்துக்கறோம்னு லெட்டர் போட்டிருக்காங்க. நீங்க கேக்கற பண்டு வந்துச்சுன்னா ஏடு இங்கயே இருக்கட்டும். வரலீன்னா தை மாசம் நம்ம வண்டியிலயே ஏத்தி அனுப்பிச்சர்றன். கரையானுக்குத் தீனி போடறதுக்கு அது மேலுங்க."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அதைக் கேட்டதும், தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்த பூசாரியின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அவருக்கு என் வயதுதான் இருக்கும். அறைச் சாவி இரண்டில் ஒன்று தலைவரிடம், ஒன்று அவரிடம். இரண்டு சாவியும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும் என்பது அந்தக் கோயிலின் வழக்கம். நிதி தரும் வெளிநாட்டு நிறுவனம் சுவடிகளைக் காப்பவர்களின் சம்மதக் கையெழுத்தைக் கேட்டது. சாவி இரண்டு என்றால் கையெழுத்தும் இரண்டு.

அவருக்கு அந்த அறையில் இருந்த ஒன்றே ஒன்றுதான் பெரிது. அதற்குப் 'பெரிய ஏடு' என்றே பெயர். ஒரு முழத்துக்குக் குறையாத நீளம், கைக்கு அடங்காத கனம். விஜயதசமியன்று அதை வெளி மண்டபத்துக்குக் கொண்டுவந்து, முதல் ஓலைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பள்ளிக்கூடம் சேரப்போகும் குழந்தைகளின் தலையில் ஒவ்வொருவருக்கும் ஒரு கணம் வைத்து எடுப்பார். ஆட்டையாம்பட்டியிலிருந்தெல்லாம் வருவார்கள். கட்டை மட்டும் அவிழ்க்கக் கூடாது. அதற்குள் தேவாரம் இருப்பதாக ஊர் நம்பியது. அவரும் நம்பினார். ஏடு சென்னைக்குப் போய்விட்டால் அந்த விஜயதசமியும் போய்விடும். அவருடைய கவலை அவ்வளவுதான். எனக்கும் அது விளங்கியிருந்தது. விளங்கியும்தான் அந்த இரண்டு வரியை எழுதினேன்.

வரவு செலவுத் திட்டம் போட உட்கார்ந்தபோது தலைவரோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அவருக்கு ஏசி வேண்டும்.

"ரூம்ல ரெண்டு ஏசி போட்ருங்க மேடம். கேக்கறதுதான் கேக்கறோம்."

"ராத்திரியும் ஓடுமா அண்ணா?"

"அதெப்படிங்க? கரண்ட் பில்லு யாரு கட்டறது? பகல்ல ஓடட்டும்."

பகலில் குளிரவைத்து இரவில் நிறுத்தினால் ஓலை ஈரத்தை இழுத்து விடும், மறுபடி காயும், மறுபடி இழுக்கும். அதைவிடச் சும்மா விடுவது மேல் என்று விளக்கினேன். சன்னலுக்குக் கொசுவலை, ஒழுகுகிற மூலைக்குப் பூச்சு, ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி, அலமாரியைச் சுவரிலிருந்து தள்ளி வைப்பது, இவை போதும். கட்டட வேலைக்கு நிறுவனம் காசு தராது, அதைக் கமிட்டியே செய்துகொள்ள வேண்டும் என்றதும் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அடுத்து ஸ்கேனர். கல்லூரி அலுவலகத்தில் இருப்பது போல் ஒன்றை வாங்கி ஓலையைக் கவிழ்த்து மூடியை அழுத்திவிடலாம் என்பது அவர் யோசனை. அழுத்தினால் ஓலை நொறுங்கும். மேலிருந்து கீழே பார்க்கும் கேமரா, அதற்குத் தாங்கி, இரண்டு பக்கமும் சூடேறாத விளக்கு, படத்தின் ஓரத்தில் அளவுகோலும் வண்ண அட்டையும். ஒவ்வொரு செலவுக்கும் எதிரே, ஏன் இது, இதைவிட மலிவானது ஏன் ஆகாது என்று காரணம் எழுத வேண்டும். இந்தக் காரணம் எழுதும் வேலை எனக்குப் பிடிக்கும். என் வீட்டில் யாரும் என்னிடம் இப்படிக் காரணம் கேட்டதில்லை. நானாகச் சொன்னாலும் காது கொடுத்ததில்லை.

பாதுகாப்புத் திட்டத்தில் படங்களுக்கு மூன்று பிரதி. ஒன்று கோயிலில், ஒன்று கல்லூரியில், ஒன்று நிறுவனத்தின் இணையதளத்தில் எல்லாரும் பார்க்கும்படி. ஓலைகளுக்குத் தூரிகையால் தூசி தட்டல், எழுத்து மங்கியவற்றுக்கு விளக்குக் கரி, மேலே எலுமிச்சைப்புல் எண்ணெய். பிறகு கட்டுக்கு இரண்டு மரப்பலகை, மேலே காடாத்துணி. அந்தக் கோயிலில் பலகை எதற்கும் மிச்சமில்லை. வெறும் ஓலையைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். எல்லாம் எழுதி முடித்து, கமிட்டி புரிந்துகொண்டு கையெழுத்துப் போடுவதற்காகத் தமிழிலும் ஒரு பிரதி தயார்செய்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் உட்கார்ந்து வாசித்தேன்.

நான்காம் பக்கத்தில் பூசாரி என்னை நிறுத்தினார்.

"அம்மிணி, அந்த வரிய இன்னொருக்கா படிங்க."

படித்தேன்.

"கேப்பாரத்துக் கெடக்குதுங்களா? அப்ப நானு யாருங்க?"

குரலை உயர்த்தவில்லை. நிதி வருவதற்காக அப்படி எழுதுவது வழக்கம்தான் என்று நான் சொல்லப் போக, "பொய்யச் சொல்லியா பண்டு வாங்கறது?" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு எழுதியவள் நான். "பொய்யா? முதல் ஓலையிலே சந்தனத்தை அப்பி அப்பி ஒரு எழுத்துத் தெரியாம பண்ணி வெச்சிருக்கீங்களே, அது என்ன பராமரிப்பு?" என்று கேட்டுவிட்டேன். தலைவர் செல்போனை எடுத்து அதில் ஏதோ தேடுவது போல் பாவனை செய்தார். பூசாரி எழுந்து போனார். சாவியோடுதான் போனார்.

அடுத்த வாரம் மாதிரிப் படங்கள் எடுக்க வேண்டியிருந்தது. விண்ணப்பத்தோடு சில படங்கள் சேர்க்க வேண்டும், உத்தேசித்த முறை வேலை செய்கிறது என்று காட்டுவதற்கு. சேலத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் பாய் வந்தார். கல்யாணப் படம் எடுத்து அலுத்தவர், இந்த வேலையில் அவருக்கு ஆசை. "ஓலையைச் சிரிக்கச் சொல்ல வேண்டியதில்லை பாருங்க மேடம்" என்பார். மண்டபத்தில் தாங்கியை நிறுத்தி, விளக்கைப் பொருத்திக்கொண்டிருந்தபோது பூசாரி வந்தார். வரமாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். தலைவரிடம் சாவி வாங்கி அறையைத் திறந்திருந்தார். கையில் பெரிய ஏடு.

"இதப் படமெடுங்க. கேப்பாரத்துக் கெடந்த ஏடு எப்பிடி இருக்குதுன்னு அந்த வெள்ளக்காரங்க பாக்கட்டும்."

கட்டை அவிழ்க்கணுமே என்றேன். சாமி கும்பிட்டுவிட்டுத் தானே முடிச்சை அவிழ்த்தார். அவருக்கு முன்னால் அந்த முடிச்சை அவிழ்த்தவர் யாரென்று ஊரில் யாருக்கும் தெரியாது.

முதல் ஓலை முழுக்கச் சந்தனப் பொருக்கு. பாய் ஒரு விளக்கை அணைத்துவிட்டு மற்றதைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி ஒரு பக்கத்திலிருந்து அடித்தார். ஓலையில் எழுத்து கீறப்பட்டதுதானே, கீறலின் நிழல் ஓரங்களில் எழுந்து தெரிந்தது. உள்ளே இருந்த ஓலைகளுக்கு அதுகூட வேண்டியிருக்கவில்லை. அப்படி ஒரு நிலையில் நான் சுவடி பார்த்ததில்லை. ஒரு பூச்சித் துளை இல்லை. பூசாரி என்னை ஒரு பார்வை பார்த்தார். வாங்கிக்கொண்டேன்.

"படிங்க அம்மிணி. எந்தப் பதிகமுங்க?"

ஓலையில் புள்ளி இருக்காது, சொல்லுக்குச் சொல் இடம் இருக்காது. மெல்லத்தான் படிக்க முடியும். முதல் வரியைக் கூட்டிப் படித்ததும் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று இரண்டாம் வரிக்குப் போனேன். மூன்றாம் வரிக்கும் போனேன். காளைக்கு வயிறு உப்பினால் இஞ்சியும் ஓமமும் இடித்துக் கொடுக்கச் சொல்லியிருந்தது. அடுத்த ஓலையில் கன்று போட்ட பசுவுக்குப் பால் கட்டினால் என்ன செய்வது. அதற்கடுத்ததில் குளம்புப் புண்.

"இது மாட்டு வைத்தியமுங்க" என்றேன்.

பாய் கேமராவிலிருந்து தலையைத் தூக்கினார். பூசாரி, அது காதில் விழாதவர் போல், அடுத்த ஓலை, அதற்கடுத்தது என்று கைகாட்டிப் படிக்கச் சொன்னார். எங்காவது ஒரு இடத்தில் தேவாரம் தொடங்கிவிடாதா என்று எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. கடைசி ஓலை வரைக்கும் மாடுதான்.

தலைவருக்கு விஷயம் தெரிந்ததும் மண்டபம் அதிரச் சிரித்தார். "இத்தன வருசமா மாட்டு வைத்தியத்தையா புள்ளைங்க தலையில வெச்சோம்? அதான் எம்பையன் பத்தாவதுல அப்பிடி மார்க் வாங்குனான்." சிரித்துக்கொண்டே பூசாரியைப் பார்த்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். பூசாரியின் கண் கலங்கியிருந்தது.

மறுநாள் அவர் என் கல்லூரிக்கே வந்துவிட்டார். நூலகத்தில் மாணவர்கள் இருந்ததால் வெளியே வேப்பமரத்தடிக்குப் போனோம்.

"அம்மிணி, நீங்க அனுப்பற ஏட்டு லிஸ்ட்ல 'பழைய ஏடு'ன்னு மட்டும் போட்டுக்கங்க. உள்ள என்னன்னு எழுத வேண்டாம்."

"அது பொய்யாப் போயிடுங்களே" என்றேன். அவர் சொன்ன சொல்லையே அவருக்குத் திருப்பிக் கொடுக்கிறோம் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. படங்கள் இணையத்துக்குப் போகும், படிக்கத் தெரிந்தவர்கள் படிப்பார்கள், மறைக்க முடியாது என்று தணிந்த குரலில் விளக்கினேன்.

"அப்ப நான் கையெழுத்துப் போட மாட்டனுங்க. என்னைய நம்பிப் புள்ளைங்களக் கூட்டிட்டு வாராங்க. ஊரே சிரிக்கும். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அடுத்த வருசம் நானு ஏட்டத் தூக்கறது?"

"போடலீன்னா தை மாசம் லாரி வந்துருங்களே."

"தெரியுமுங்க" என்றார். "நானு போயிட்டு வாரேன்."

போகிறபோது அவர் முதுகைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. தெரியாமலே இருந்திருந்தால் அவருக்கு ஒரு குறையும் இல்லை. வீராப்பில் கட்டை அவிழ்த்தார். அந்த வீராப்புக்குத் தூண்டியது என் இரண்டு வரி.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் விஜயதசமி கழித்து வந்தது. நான் விஜயதசமிக்குக் கோயிலுக்குப் போனேன். அவர் ஏட்டை வெளியே எடுக்க மாட்டார் என்று தலைவர் பந்தயம் கட்டாத குறையாகச் சொல்லியிருந்தார். மண்டபம் நிறையக் கூட்டம். புதுச் சட்டை, புதுப் பாவாடை, சிலேட்டு, அழுகை. பூசாரி அறையிலிருந்து பெரிய ஏட்டோடு வந்தார். பீடத்தில் வைத்தார். சந்தனக் கிண்ணத்தைத் தொடவில்லை. கூட்டத்தைப் பார்த்து நின்றார்.

"ஏனுங்க, எல்லாருங் கேட்டுக்கங்க. இதுக்குள்ள தேவாரம் இருக்குதுன்னு சொல்லிட்டிருந்தமுங்க. இல்லீங்க. போன மாசந்தான் அவுத்துப் பாத்தம். இது மாட்டு வைத்தியமுங்க. தெரியாமத்தான் இத்தன வருசமும் வெச்சேன். வேண்டாங்கறவிய புள்ளையக் கூட்டிட்டுப் போயிருங்க, நானு ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். காரில் வந்த ஒரு குடும்பம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியே போனது. மற்றவர்கள் போகவும் இல்லை, முன்னால் வரவும் இல்லை. அவர் அப்படியே நின்றார்.

வரிசையில் முதலில் நின்ற பெண் இடுப்பிலிருந்த பையனை இறக்கி விட்டாள். அவள் கையில் வளையலுக்கு மேலே தவிடு ஒட்டியிருந்தது. வேலையை முடித்த கையோடு வந்திருந்தாள்.

"எங்க ஊட்டுல இவன் பள்ளிக்கூட பீசே பால் காசுலதானுங்க கட்டப்போறம். மாடு நல்லா இருந்தாத்தானே இவன் படிக்கறது. வையுங்க சாமி."

பூசாரி ஏட்டைத் தூக்கினார். பையன் அழாமல் தலையைக் கொடுத்தான். அவ்வளவுதான், வரிசை நகர ஆரம்பித்தது. நடுவில் ஒரு பெரியவர், பேரப்பிள்ளையை முன்னால் தள்ளிக்கொண்டே, "கோமாரிக்கு அதுல ஏதாச்சும் சொல்லியிருக்குதுங்களா?" என்று கேட்டார். பூசாரி என் பக்கம் திரும்பினார். குளம்புப் புண்ணுக்கு இருக்கிறது, முழுசாகப் படித்துச் சொல்கிறேன் என்றேன். நாளைக்கே டாக்டரையும் பாருங்கள் என்றும் சேர்த்துச் சொன்னேன், வம்பு எதற்கு.

கூட்டம் கலைந்த பிறகு அவர் வந்து பேனா கேட்டார். கையெழுத்துப் போட்டுவிட்டு, "சந்தனத்துக்கு மட்டும் ஒரு வழி சொல்லுங்க அம்மிணி. ஒரு பொட்டுக்கூட வெக்காம உள்ள வெக்க மனசு வரமாட்டேங்குது" என்றார். பலகை வருகிறது, ஓலைக்கு மேலே பலகைதான் இருக்கும், பலகைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். "பலகையும் ஏட்டுக்கு ஊடு மாதிரித்தானுங்களே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான்காம் பக்கத்தை அழித்தேன். ஆண்டுக்கு ஒருமுறை குழந்தைகள் தலையில் வைக்கப்படுகிறது என்றும், உள்ளே இருப்பது கால்நடை மருத்துவம் என்றும், இது தெரிந்த பிறகும் மக்கள் வந்தார்கள் என்றும் எழுதினேன். பலகைக்கு எதிரே, ஏன் இந்தச் செலவு என்ற இடத்தில், ஓலை வளையாமல் இருக்கவும், வழிபாட்டுச் சந்தனம் எழுத்தின் மேல் படாமல் இருக்கவும் என்று எழுதினேன். இரண்டையும் ஒரே வரியில் எழுதியபோது எனக்குக் கூச்சமாக இல்லை. படிக்கிறவர்கள் சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும் என்று அனுப்பினேன்.

மார்கழிக் கடைசியில் பதில் வந்தது. பயணச் செலவைக் குறைத்திருந்தார்கள். தலைவர் எனக்குத் தெரியாமல் அவருடைய கோரிக்கைக் கடிதத்தில் சேர்த்திருந்த ஒரு ஏசியை அடித்திருந்தார்கள். பலகையைத் தொடவில்லை. தலைவர் சென்னைக்காரர்களுக்குத் தானே போன் போட்டு, "ஏடு இங்கயே இருக்கட்டுமுங்க" என்றார்.

வேலை தொடங்கிய நாளில் முதல் கட்டாகப் பெரிய ஏட்டையே எடுத்தோம். ஓலை தொடுகிறவர்கள் கையைக் கழுவி நன்றாகத் துடைத்திருக்க வேண்டும் என்று திட்டத்தில் எழுதியவள் நான். பூசாரி மண்டபத்துக் குழாயில் விரலிடுக்கு வரைக்கும் தேய்த்துக் கழுவினார். சந்தன வாசம் இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் கழுவினார். ஓலை ஓலையாக எடுத்துக் கேமராவின் கீழே வைத்தது அவர்தான். பாய் படமெடுத்தார், நான் எண் போட்டேன். சாயங்காலம் எல்லாவற்றையும் அடுக்கி, கயிறு கோத்து, மேலும் கீழும் புதுப் பலகை வைத்துக் கட்டினார். அப்புறம்தான் கிண்ணத்தை எடுத்துப் பலகையின் நடுவில் ஒரு பொட்டு வைத்தார். கட்டை மார்போடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போகும்போது, தூங்கப்போகும் பிள்ளையிடம் பேசுவது போல் அதனிடம் அவர் சொன்னது எங்கள் காதிலும் விழுந்தது.

"இனி எங்கீயும் போக வேண்டாஞ் சாமி."